நம்பகமான பெறுநர்: ஒருமுறை குறித்துவைத்தால் அடுத்த முறை டான் கேட்காதது எப்படி?

ஜெர்மனியில் கட்டணச் சேவைத் துறையில் வேலை பார்க்கிறேன். விருந்துக்குப் போன இடங்களில் சாப்பாட்டுத் தட்டோடு யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனைத் திறந்து காட்டிக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளை அதிகம் மாற்றவில்லை. டான் என்பது பணம் அனுப்பும்போது வங்கி இரண்டாவது சான்றாகக் கேட்கும், ஒருமுறை மட்டும் செல்லும் ஒப்புதல் எண்.

வாடகை அனுப்பும்போது டான் கேட்பதில்லை. புதிதாக ஒருவருக்கு 40 யூரோ அனுப்பினால் கேட்கிறது. பெரிய தொகைக்குத்தானே கேட்க வேண்டும்?

தொகை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. பணம் யாருக்குப் போகிறது என்பதும் கணக்கில் வருகிறது. உங்கள் வீட்டுக்காரரை நீங்களே என்றோ ஒருநாள் 'நம்பகமான பெறுநர்' என்று குறித்திருப்பீர்கள். 40 யூரோ வாங்கப்போகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை.

இதன் பின்னால் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டணச் சேவைச் சட்டம். பேச்சில் பிஎஸ்டி2 என்பார்கள். இணையவழியில் பணம் அனுப்பும்போது இரண்டு விதமான சான்று காட்டவேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. உங்களுக்குத் தெரிந்தது, உங்களிடம் இருப்பது, உங்கள் உடம்பிலேயே இருப்பது என்ற மூன்று வகையில் ஏதாவது இரண்டு. கடவுச்சொல் முதல் வகை, போன் இரண்டாவது, கைரேகை மூன்றாவது. அந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர 2018/389 என்ற எண்ணில் தனி ஒழுங்குவிதி வந்தது. 2019 செப்டம்பர் 14 முதல் அது நடப்பில் இருக்கிறது. எங்கே இரண்டாவது சான்றைக் கேட்காமல் விடலாம் என்ற விலக்குகளும் அதில் உண்டு. பதின்மூன்றாவது பிரிவுதான் நம்பகமான பெறுநர் பற்றியது. இரண்டே பத்தி. பட்டியலை உருவாக்கும்போதோ மாற்றும்போதோ இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் என்கிறது முதல் பத்தி. பட்டியலில் இருப்பவருக்குப் பணம் அனுப்பும்போது வங்கி அதை விட்டுவிடலாம் என்கிறது இரண்டாவது.

சரிபார்க்காமல் பணத்தை விட்டால் திருடனுக்கு வசதிதானே? இதை எப்படி அனுமதித்தார்கள்?

திருடன் இருக்கும் இடத்தில் நின்று யோசித்தால் காரணம் புரியும். உங்கள் கணினிக்குள் ஒரு வேவு மென்பொருள் புகுந்துவிட்டது, கடவுச்சொல்லும் அவன் கைக்குப் போய்விட்டது என்று வையுங்கள். உள்ளே நுழைந்துவிட்டான். டான் இல்லாமல் அவனால் யாருக்கு அனுப்ப முடியும்? உங்கள் வீட்டுக்காரருக்கும் மின்சார நிறுவனத்துக்கும் அனுப்பலாம். அதில் அவனுக்கு ஒரு காசும் கிடைக்காது. பணம் அவனிடம் போகவேண்டுமானால் அவனுடைய கணக்கு எண் பட்டியலில் ஏறவேண்டும். ஏற்றப் போனால் இரட்டைச் சரிபார்ப்பு குறுக்கே நிற்கும்.

அதாவது காவலாளி வேலையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு, யாருக்குச் சாவி கொடுப்பது என்று முடிவு செய்யும் அந்த ஒரு நாளில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறான். ஆகவே பட்டியலில் ஒருவரைச் சேர்க்கும் அந்த அரை நிமிடம்தான் இந்த ஏற்பாட்டிலேயே ஆபத்தான நேரம். அன்றைக்கு அவசரப்பட்டால் அதன் பிறகு தடுத்து நிறுத்த இரண்டாவது படி இல்லை.

ஆனால் ஒன்றை இழக்கிறீர்கள். டான் செயலி திறக்கும்போது அது எண்ணை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு, யாருக்கு என்பதையும் காட்டும். காட்டியே ஆகவேண்டும் என்பது அதே ஒழுங்குவிதியின் ஐந்தாவது பிரிவு. அந்த ஒப்புதல் அந்தத் தொகைக்கும் அந்தப் பெறுநருக்கும் மட்டுமே செல்லும். நடுவில் ஒன்று மாறினாலும் செல்லாது. நம்பகமான பெறுநருக்கு அனுப்பும்போது அந்தத் திரையே வராது. நண்பர் ஒருவர் மகளின் பாட்டு வகுப்புக்கு 85 யூரோ அனுப்பவேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் கூடி 850 போய்விட்டது. டான் திரை வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆசிரியை நல்லவர், மறுநாளே திருப்பி அனுப்பினார். வங்கியிடம் கேட்டிருந்தால் "நீங்கள்தானே அனுப்பினீர்கள்" என்ற பதில்தான் வந்திருக்கும்.

சரி, ஒருவரை எப்படிச் சேர்ப்பது? அதற்குப் பிறகு என்னென்ன நடக்கும்?

வாடகையையே எடுத்துக்கொள்வோம். மாதம் 780 யூரோ, வீட்டுக்காரரின் ஐபான், அதாவது அவருடைய வங்கிக் கணக்கு எண், ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அக்டோபரில் முதல் முறை அனுப்புகிறீர்கள். பெயரையும் ஐபானையும் தொகையையும் உள்ளிட்டதும், டானுக்கு முன்னால் இன்னொரு சோதனை நடக்கும். நீங்கள் எழுதிய பெயரும் அந்தக் கணக்குக்கு உரியவரின் பெயரும் பொருந்துகிறதா என்று உங்கள் வங்கி எதிர் வங்கியிடம் கேட்கும். யூரோ நாடுகளின் வங்கிகளுக்கு 2025 அக்டோபர் 9 முதல் இது கட்டாயம். பொருந்துகிறது, கிட்டத்தட்டப் பொருந்துகிறது, பொருந்தவில்லை, சரிபார்க்க முடியவில்லை என்று நான்கில் ஒரு பதில் வரும். நம்மவர்களின் பெயர்களுக்குக் 'கிட்டத்தட்ட' என்று வந்தால் பயப்பட வேண்டாம். அப்பா பெயர் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் என்று பதிவாகியிருப்பது நமக்குப் புதிதா என்ன. வங்கியே சரியான பெயரைக் காட்டும், அதைப் பார்த்து முடிவு செய்யலாம். 'பொருந்தவில்லை' என்று வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

பெயர் பொருந்தியதும் டான் செயலி திறக்கும். ஐபானையும் 780,00 என்ற தொகையையும் அதில் பார்த்து ஒப்புதல் தருகிறீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெறுநரை நம்பகமானவர் என்று குறிக்கும் இடம் வரும். சில வங்கிகளில் அதே திரையில் ஒரு டிக் பெட்டி இருக்கும்; சிலவற்றில் அமைப்புகளுக்குள் போய்த் தனியாகச் சேர்த்து, அதற்கு இன்னொரு டான் தரவேண்டும். எப்படியானாலும் சேர்ப்பதற்கான ஒப்புதல் உங்கள் வங்கி வழியாக, உங்கள் கையால் நடக்கவேண்டும். வங்கி "இவரைச் சேர்க்கலாமா?" என்று கேட்கலாம். நீங்கள் சொல்லாமல் தானாகச் சேர்த்துவிடக் கூடாது. பணம் வாங்குகிறவர் தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளவும் வழி கிடையாது.

நவம்பரில் 780 அனுப்பும்போது டான் வராது. டிசம்பரில் தண்ணீர், வெப்பமூட்டிக் கணக்குத் தீர்க்க 312,40 அனுப்புகிறீர்கள். தொகை வேறு, ஆனால் ஆளும் கணக்கும் அதே என்பதால் அதுவும் டான் இல்லாமல் போகும். ஜனவரியில் வீட்டுக்காரர் வங்கி மாறிவிட்டார் என்று புதிய ஐபான் கொடுத்தால், பெயர் அதேதான் என்றாலும் டான் கேட்கும். நம்பிக்கை பெயரோடு ஒட்டியிருப்பதில்லை, கணக்கு எண்ணோடு ஒட்டியிருக்கிறது. இதைப் பற்றிக் கீழே ஒரு கதை இருக்கிறது.

என் செயலியில் எல்லாருடைய ஐபானும் சேமித்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் டான் வருகிறதே?

சேமித்தல் வேறு, நம்புதல் வேறு. பத்துப் பேரில் எட்டுப் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான். சேமித்த பெறுநர் என்பது முகவரிப் புத்தகம் மாதிரி. 22 இடம் கொண்ட எண்ணை மறுபடி உள்ளிடும் வேலையை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். ஜெர்மன் செயலிகளில் Vorlage என்று இருப்பது இதுதான். அதைச் சேமிக்கும்போது டான் கேட்காமலே சேமித்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அது நம்பகமான பட்டியல் ஆகாது. பட்டியலுக்குப் போக இரட்டைச் சரிபார்ப்பு நடந்தாகவேண்டும் என்று மேலே பார்த்தோமே, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்: சேர்த்தபோது டான் கொடுத்தீர்களா இல்லையா?

இன்னொன்று, எல்லா வங்கியும் இந்த வசதியைத் தருவதில்லை. விலக்கு தரலாம் என்றுதான் விதி சொல்கிறது, தரவேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் செயலியில் அந்தப் பட்டியலே இல்லை என்றால் தேடித் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

பட்டியலில் இருக்கிறவருக்குத்தான் போன வாரம் அனுப்பினேன். திடீரென்று டான் கேட்டது. பட்டியலிலிருந்து விழுந்துவிட்டாரா?

பெரும்பாலும் விழுந்திருக்க மாட்டார். பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விலக்கைப் பயன்படுத்துவதும் விடுவதும் ஒவ்வொரு கட்டணத்திலும் வங்கியின் முடிவு. எல்லாக் கட்டணங்களையும் பின்னால் இருந்து கண்காணிக்கும் ஏற்பாடு வங்கியிடம் இருக்கவேண்டும் என்று அதே ஒழுங்குவிதியின் இரண்டாவது பிரிவு சொல்கிறது. வழக்கமாக 780 போகும் இடத்துக்கு 6,000 போனால் அது விழித்துக்கொள்ளும். நேற்று புதிய போனில் செயலியை நிறுவி இன்று அனுப்பினாலும், வேறு நாட்டிலிருந்து நுழைந்தாலும் அப்படித்தான். ஊருக்கு விடுமுறையில் போய் அங்கிருந்து வாடகை அனுப்புகிறவர்களுக்கு இந்த அனுபவம் அதிகம். டான் கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்த மாதம் பழையபடி ஆகிவிடும்.

எவ்வளவு பெரிய தொகைக்கும் கேட்காமல் விடுவார்களா?

பதின்மூன்றாவது பிரிவில் உச்ச வரம்பு எதுவும் இல்லை. மற்ற விலக்குகளில் உண்டு. உதாரணமாக, இணையத்தில் சிறு தொகைக்கான விலக்கு ஒரு கட்டணத்துக்கு 30 யூரோ வரைதான். அதையும் வரிசையாக ஐந்து முறைக்கு மேல் அல்லது மொத்தம் 100 யூரோவுக்கு மேல் நீட்ட முடியாது. பெறுநரை நம்பிச் செய்யும் விலக்குக்கு இந்த எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஆனால் வங்கிகள் தாங்களாக ஒரு வரம்பு வைத்துக்கொள்ளும். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று நீங்களே குறைத்து வைக்கும் வசதியும் பல செயலிகளில் இருக்கிறது. நம்பகமான பட்டியல் வைத்திருப்பவர்கள் அந்த நாள் வரம்பைக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. பூஜ்யம் கூடிப்போகும் தவறையும் அது ஓரளவு பிடித்துவிடும்.

வாடகைக்கு வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிட்டால் போதாதா? மாதாமாதம் தானாகப் போய்விடுமே.

தொகை மாறாது என்றால் தாராளமாகப் போதும். அதற்குப் பதினான்காவது பிரிவில் தனி விலக்கு இருக்கிறது: ஒரே ஆளுக்கு, ஒரே தொகை, வரிசையாக. முதலில் அமைக்கும்போது ஒருமுறை டான், அப்புறம் கிடையாது. வாடகை 780லிருந்து 805 ஆனால் உத்தரவைத் திருத்தவேண்டும், அப்போது மறுபடி டான் தரவேண்டும். தொகையும் தேதியும் மாறிக்கொண்டே இருந்தால் நம்பகமான பட்டியல், மாறாவிட்டால் நிரந்தர உத்தரவு. என் வாடகை நிரந்தர உத்தரவில்தான் போகிறது. தண்ணீர்க் கணக்குக்காக மட்டும் வீட்டுக்காரர் பட்டியலில் இருக்கிறார்.

வீட்டுக்காரர் வங்கியை மாற்றிவிட்டார். பட்டியலில் ஐபானை மட்டும் திருத்தினால் போதுமா?

திருத்தலாம். திருத்துவதும் பட்டியலை மாற்றுவதுதான், அதனால் டான் கேட்கும். ஆனால் அதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருடைய முகவரியிலிருந்தே வந்தது, எழுத்து நடைகூட அவருடையதுதான். வங்கி மாறிவிட்டேன், அடுத்த மாதத்திலிருந்து இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. நான் இந்தத் துறையில் இருப்பவன். அன்று இரவு பத்தரை மணிக்குச் சோபாவில் சாய்ந்தபடி அந்த ஐபானை உள்ளிட்டு, டான் செயலி திறந்ததும் ஒப்புதல் கொடுக்க விரலையும் வைத்துவிட்டேன். "இவருக்குத்தான் எப்போதும் டான் கேட்காதே" என்று தோன்றியது அந்த நொடியில்தான். கேட்டதற்குக் காரணம் எனக்கே தெரியும், புதிய ஐபான். ஆனாலும் அந்தச் சின்ன உறுத்தல் கையைத் தடுத்தது. மறுநாள் காலையில் அவருக்குப் போன் செய்தேன். அவர் எந்த வங்கியையும் மாற்றவில்லை. யாரோ அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்து பழைய கடிதங்களைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

வழக்கமாக டான் கேட்காத ஆளுக்குக் கேட்டால், உங்கள் வங்கி "எனக்கு இந்தக் கணக்கைத் தெரியாது" என்று சொல்கிறது. தொந்தரவு என்று ஒதுக்கிவிட்டுக் கைரேகையை வைத்துவிட்டால் அந்த எச்சரிக்கை வீண். கணக்கு எண் மாறியது என்று செய்தி வந்தால், செய்தியில் கொடுத்த எண்ணுக்கு அழைக்காமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அது முடிந்த பிறகும் புதிய ஐபானை உடனே நம்பகமானது என்று குறிக்காதீர்கள். ஒரு மாதம் டான் கொடுத்தே அனுப்பி, பணம் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் குறிக்கலாம்.

இணையக் கடையில் கார்டைச் சேமித்து வைத்தேன். அதுவும் நம்பகமான பட்டியல்தானா?

இல்லை. அது கடைக்காரரின் வசதி. பட்டியல் இருப்பது கார்டு கொடுத்த வங்கியிடம். கடையோ, கடைக்காரரின் வங்கியோ இந்த விலக்கைத் தாங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது. ஐரோப்பிய வங்கி ஆணையம் 2018 ஜூனில் வெளியிட்ட கருத்துரையில் இது தெளிவாக இருக்கிறது. அவர்கள் விரும்பினால் கேட்கலாம், முடிவு உங்கள் வங்கியுடையது.

கார்டில் இது நடப்பது, இணையத்தில் கார்டுக்காரரைச் சரிபார்க்கும் 3டி செக்யூர் என்ற ஏற்பாட்டின் வழியாக. அதன் 2.2 பதிப்பிலிருந்து இதற்கான இடம் இருக்கிறது. கடையில் பணம் கட்டும்போது சரிபார்ப்புத் திரை வரும் அல்லவா, அதிலேயே "இந்தக் கடையை நம்பகமானதாகச் சேர்க்கவா?" என்று ஒரு கேள்வி உங்கள் வங்கியிடமிருந்து வரும். ஆம் என்றால் அந்தச் சரிபார்ப்போடு சேர்த்து அதுவும் பதிவாகும். அடுத்த முறை அதே கடையில் கட்டும்போது வங்கியின் சேவையகம் கடைக்கு அனுப்பும் பதிலில் இப்படி இருக்கும்:

```json
{
  "transStatus": "Y",
  "whiteListStatus": "Y",
  "whiteListStatusSource": "03"
}
```

முதல் வரி, சரிபார்ப்புத் திரை காட்டாமலே சரி என்று ஏற்றுக்கொண்டதைச் சொல்கிறது. இரண்டாவது, கார்டுக்காரர் இந்தக் கடையைப் பட்டியலில் வைத்திருக்கிறார் என்பது. மூன்றாவதில் உள்ள 03, அந்தத் தகவல் வங்கியின் சரிபார்ப்புச் சேவையகத்திலிருந்து வந்தது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது வரியில் E என்று வந்தால் இந்தக் கடைக்கு அந்த வசதி கிடையாது என்று வங்கி முடிவு செய்திருக்கிறது. R என்றால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். 2.3 பதிப்பில் இதே புலத்தின் பெயர் `trustListStatus` என்று மாறிவிட்டது. கடைக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் கவனிக்கவும், பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் எதுவும் கிடைக்காது.

உண்மையைச் சொன்னால் கார்டில் இது பெரிதாகப் பரவவில்லை. வங்கிகள் இடர் குறைந்த கட்டணங்களுக்கான வேறொரு விலக்கை வைத்தே பல வாங்கல்களைத் திரை இல்லாமல் விட்டுவிடுகின்றன. அதனால் சரிபார்ப்புத் திரை வரவில்லை என்பதை மட்டும் வைத்து அந்தக் கடை உங்கள் பட்டியலில் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

போன் திருட்டுப் போய், திருடன் பட்டியலில் உள்ளவருக்குப் பணம் அனுப்பிவிட்டால் நஷ்டம் யாருக்கு?

நீங்கள் அனுமதிக்காத கட்டணம், வங்கியும் இரட்டைச் சரிபார்ப்பு கேட்கவில்லை என்றால், நீங்களே மோசடி செய்திருந்தாலொழிய நஷ்டம் உங்கள் தலையில் விழாது. பிஎஸ்டி2 சட்டத்தின் 74ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விட்டது வங்கியின் முடிவு, அதனால் சுமையும் வங்கியுடையது. வங்கி கூடுதலாகச் சில பேருக்கு டான் கேட்பதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

தெரிந்ததும் உடனே வங்கிக்குச் சொல்லவேண்டும். வங்கி பணத்தை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் திருப்பித் தரவேண்டும், மோசடி என்று வங்கிக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் தவிர. கணக்கறிக்கையைப் பார்க்காமல் விட்டுவிட்டால் 13 மாதத்துக்குப் பிறகு இந்த உரிமை போய்விடும்.

ஏமாந்து நீங்களே அனுப்பியது வேறு கதை. யாரோ பேசி மயக்கி, நீங்களே அவரைப் பட்டியலில் சேர்த்து, நீங்களே அனுப்பினால், சட்டத்தின் பார்வையில் அது நீங்கள் அனுமதித்த கட்டணம். 74ஆவது பிரிவு அதற்குக் கைகொடுக்காது. "வங்கியிலிருந்து பேசுகிறோம், பாதுகாப்பான கணக்கு ஒன்றைத் தருகிறோம், அதை நம்பகமானது என்று குறியுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் வைத்துவிடுங்கள். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. குறிக்கச் சொல்வதற்குக் காரணம் எளிது: ஒரு டானை உங்களிடமிருந்து வாங்கிவிட்டால் அடுத்தடுத்த நான்கு கட்டணங்களுக்கு அவர்களுக்கு உங்கள் உதவி தேவைப்படாமல் போகலாம்.

லண்டனில் இருக்கும் அக்கா வீட்டில் புதியவரைச் சேர்க்கும்போது மட்டும்தான் கேட்கிறது. அங்கே பட்டியல் என்று எதுவும் தெரியவில்லையே?

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தாலும் இந்த விதியைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. அங்கே பல வங்கிகளில் பெறுநரைச் சேர்க்கும் படியும் நம்பகமானவர் என்று குறிக்கும் படியும் ஒன்றுதான். புதிய ஆளைச் சேர்க்கும்போது முழுச் சரிபார்ப்பு, அதன் பிறகு அவருக்கு அனுப்புவது சுலபம். ஜெர்மனியிலிருந்து போகிறவர்களுக்கு இது கொஞ்சம் துணிச்சலாகத் தெரியும். ஏமாந்து அனுப்பியதற்கும் அங்கே ஓரளவு வழி உண்டு: 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டில் ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் போன்ற வழிகளில் ஏமாந்து அனுப்பிய பணத்துக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பியது இதில் வராது.

இந்தியாவில் பெனிஃபிஷியரி சேர்ப்பதும் இதேதானே?

பார்க்க ஒரே மாதிரி, வேலை வேறு. அங்கே சேர்க்கும்போது ஓடிபி கேட்பார்கள், பல வங்கிகளில் முதல் சில மணி நேரத்துக்குத் தொகை வரம்பும் உண்டு. ஆனால் சேர்த்த பிறகும் ஒவ்வொரு அனுப்பலுக்கும் ஓடிபியோ பரிமாற்றக் கடவுச்சொல்லோ பொதுவாகத் தேவைப்படும். கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் இ-மேண்டேட் 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமல் போகிறதே, அது நான் மேலே சொன்ன தொடர் கட்டணத்துக்கு நெருங்கிய உறவு, நம்பகமான பெறுநருக்கு அல்ல.

யாரைப் பட்டியலில் வைக்கலாம்?

என் பட்டியலில் இப்போது மூன்று பேர்தான்: வீட்டுக்காரர், மனைவியின் கணக்கு (அது வேறு வங்கியில் இருக்கிறது), மின்சார நிறுவனம். தொடர்ந்து பணம் போகிறது, கணக்கு எண் அடிக்கடி மாறாது, தவறாக அதிகம் அனுப்பினாலும் திரும்பி வரும் என்று மூன்றும் பொருந்தினால்தான் சேர்ப்பேன். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு தடவை சோபா வாங்கிய கடை, போன வருடம் சீட்டுப் பணம் பிடித்தவர், வேலை முடித்துப் போய்விட்ட வண்ணம் பூசியவர் எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை.

ஆளை எடுத்துவிடும்போது செயலி டான் கேட்டால் குழம்பாதீர்கள். "உருவாக்கும்போதோ மாற்றும்போதோ" என்றுதான் விதியின் வாசகம், நீக்குவதும் மாற்றம்தான். நீக்கியபின் அவருக்கு ஒரு யூரோ அனுப்பிப் பாருங்கள். டான் கேட்டால் நீங்கியிருக்கிறார். கேட்காவிட்டால் சிறு தொகை விலக்கில் போயிருக்கலாம் என்பதால், செயலியை மூடித் திறந்து பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.